ஒரு லட்சம் கேட்டவர் 6 டாலர் கொடுத்தார்: ஏமாந்தது யார்?

1990ஆம் ஆண்டு. நியூசிலாந்து அரசு தன்னிடம் இருந்த அலைக்கற்றை உரிமங்களை ஏலம் விட்டது. விருப்பப்பட்டவர்கள் தொகையை எழுதி, மூடிய உறையில் கொடுக்க வேண்டும். அதிகத் தொகை எழுதியவருக்கு உரிமம். இதுவரை நமக்குப் பழக்கமான டெண்டர் கதைதான்.

ஆனால் முடிவுகள் வெளியானபோது மக்கள் வாயைப் பிளந்தார்கள். ஓர் உரிமத்துக்கு 1 லட்சம் நியூசிலாந்து டாலர் எழுதிக் கொடுத்த நிறுவனம், கடைசியில் கட்டியது வெறும் 6 டாலர். இன்னொரு உரிமத்துக்கு 70 லட்சம் டாலர் எழுதியவர் கட்டியது 5,000 டாலர். ஒரு சிறிய நகரத்தின் தொலைக்காட்சி உரிமத்துக்கு ஒரு மாணவர் 1 டாலர் எழுதிப் போட்டார். வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை. உரிமம் அவருக்கே கிடைத்தது. அவர் ஒரு காசு கூடக் கட்டவில்லை.

“1 லட்சம் தருகிறேன் என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்புறம் ஏன் 6 டாலரோடு விட்டீர்கள்?” என்பதுதான் எல்லோருக்கும் எழுந்த கேள்வி. நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் அது தவறான கேள்வி என்பதே என் கருத்து. அந்த ஏலத்தில் பிழை இருந்தது உண்மை. ஆனால் எல்லோரும் கைகாட்டிய இடத்தில் அது இல்லை.

விதி என்ன?

நியூசிலாந்து பின்பற்றிய முறைக்கு ‘இரண்டாம் விலை ஏலம்’ என்று பெயர். அதிகத் தொகை எழுதியவருக்கே பொருள். ஆனால் அவர் கட்ட வேண்டியது தான் எழுதிய தொகையை அல்ல; தனக்கு அடுத்தபடியாக வந்தவர் எழுதிய தொகையை. 1 லட்சம் எழுதியவருக்கு அடுத்து வந்தவர் 6 டாலர்தான் எழுதியிருந்தார். அதனால் விலை 6 டாலர். மாணவருக்கு அடுத்து ஆளே இல்லை. அதனால் விலை பூஜ்யம்.

இந்த முறையை ஆராய்ந்து, அதன் தர்க்கத்தை 1961இல் கட்டுரையாக எழுதியவர் வில்லியம் விக்ரே. கொலம்பியா பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர். 1996இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த மூன்றாவது நாளே காலமாகிவிட்டார்.

விக்ரே சொன்னதன் சாரம் இதுதான்: இந்த விதியின் கீழ், பொருள் உங்களுக்கு எவ்வளவு பெறுமோ அதை அப்படியே எழுதுவதுதான் உங்களுக்கு நல்லது. மற்றவர்கள் என்ன எழுதினாலும் சரி, புத்திசாலிகளாக இருந்தாலும் சரி, கிறுக்குத்தனமாக எழுதினாலும் சரி, இந்தப் பதில் மாறாது. எதிராளி என்ன செய்தாலும் தோற்காத இப்படிப்பட்ட வழியைத்தான் பொருளியலில் ‘ஆதிக்க உத்தி’ என்கிறார்கள்.

நம்ப முடியவில்லையா? அந்த 1 லட்சம் டாலர் நிறுவனத்தின் நாற்காலியில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள்.

குறைத்து எழுதினால்?

உரிமம் உங்களுக்கு 1 லட்சம் டாலர் பெறும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 1 லட்சத்துக்கு வாங்கினால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அதற்குக் கீழே எந்த விலைக்குக் கிடைத்தாலும் மிச்சம் உங்களுக்கு.

“முழுசா ஏன் எழுதணும்? 80,000 எழுதலாமே” என்று பக்கத்தில் ஒருவர் சொல்கிறார். கேட்டுப் பார்ப்போம். மற்றவர்கள் எழுதியதில் மிகப் பெரிய தொகை எது என்பதைப் பொறுத்து மூன்றே வாய்ப்புகள்தான்.

அந்தத் தொகை 6 டாலர் என்றால், 80,000 எழுதினாலும் நீங்கள் ஜெயிப்பீர்கள். 1 லட்சம் எழுதினாலும் ஜெயிப்பீர்கள். இரண்டிலும் கட்டுவது அதே 6 டாலர். குறைத்து எழுதியதால் ஒரு காசு மிச்சமில்லை.

அந்தத் தொகை 1,20,000 என்றால், இரண்டிலும் தோற்பீர்கள். வித்தியாசம் இல்லை.

அந்தத் தொகை 90,000 என்றால்தான் கதை மாறுகிறது. 1 லட்சம் எழுதியிருந்தால் ஜெயித்து, 90,000 கட்டி, 10,000 டாலர் லாபம் பார்த்திருப்பீர்கள். 80,000 எழுதியதால் உரிமமே கைநழுவிப் போய்விட்டது.

ஆக, குறைத்து எழுதுவதால் சில சமயம் நட்டம். லாபம் ஒருபோதும் இல்லை.

கூட்டி எழுதினால்?

“அப்படின்னா தாராளமா 1,50,000 போடு. எப்படியும் இரண்டாவது ஆள் விலைதானே கட்டப் போறோம்” என்கிறார் இன்னொருவர். இந்த விதியைப் புதிதாகக் கேட்கிறவர்கள் அதிகம் விழுகிற பள்ளம் இதுதான்.

மற்றவர்களின் பெரிய தொகை 6 டாலர் என்றால், முன்பு போலவே 6 கட்டுவீர்கள். அது 1,60,000 என்றால், முன்பு போலவே தோற்பீர்கள். ஆனால் அது 1,20,000 என்றால்? உண்மை மதிப்பை எழுதியிருந்தால் கௌரவமாகத் தோற்று வீடு திரும்பியிருப்பீர்கள். 1,50,000 எழுதியதால் ஜெயித்துவிட்டீர்கள். 1 லட்சம் பெறும் பொருளுக்கு 1,20,000 கட்ட வேண்டும். 20,000 டாலர் நட்டம்.

இங்கும் அதே முடிவு: கூட்டி எழுதுவதால் சில சமயம் நட்டம்; லாபம் ஒருபோதும் இல்லை.

80,000, 1,50,000 என்பதற்குப் பதிலாக வேறு எந்த எண்ணைப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு இப்படியேதான் முடியும். காரணம் எளிது. நீங்கள் எழுதும் தொகை ஒன்றே ஒன்றைத்தான் தீர்மானிக்கிறது: நீங்கள் ஜெயிக்கிறீர்களா, இல்லையா என்பதை. நீங்கள் கட்டும் விலையை அது தீர்மானிப்பதில்லை. விலையை மற்றவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். அந்த விலை உங்கள் மதிப்புக்குக் கீழே இருக்கும்போதெல்லாம் ஜெயிக்க வேண்டும், மேலே போகும்போதெல்லாம் தோற்க வேண்டும். அந்தக் கோட்டை மிகச் சரியாகப் போடுகிற ஒரே எண், உங்கள் உண்மை மதிப்பு.

‘விட்டுப்போன’ 99,994 டாலர்

இப்போது பழைய கேள்விக்கு வருவோம். எழுதிய தொகைக்கும் கட்டிய தொகைக்கும் இடையே 99,994 டாலர். அது அரசு இழந்த பணமா?

இல்லை. எழுதியதையே கட்ட வேண்டும் என்ற வழக்கமான விதி இருந்திருந்தால், அந்த நிறுவனம் 1 லட்சம் எழுதியே இருக்காது. 1 லட்சம் பெறும் பொருளுக்கு 1 லட்சமே எழுதி ஜெயித்தால் கையில் என்ன மிஞ்சும்? ஒன்றும் மிஞ்சாது. ஆகவே குறைத்துத்தான் எழுதும். எவ்வளவு குறைப்பது? எதிராளிகள் என்ன எழுதுவார்கள் என்ற ஊகத்தைப் பொறுத்தது. போட்டியே இல்லை என்று மோப்பம் பிடித்திருந்தால் ஆயிரமோ, நூறோ எழுதியிருக்கும். அப்போதும் அரசுக்கு வந்திருக்கக்கூடியது சொற்பம்தான். ஒரே வித்தியாசம், 1 லட்சம் என்ற எண் யார் கண்ணிலும் பட்டிருக்காது. தலைப்புச் செய்தியும் ஆகியிருக்காது.

இதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஏலத்தில் இரண்டே பேர். ஒவ்வொருவருக்கும் பொருளின் மதிப்பு 0 முதல் 100 வரை எந்த எண்ணாகவும் சம வாய்ப்புடன் இருக்கலாம். தன் மதிப்பு தனக்குத் தெரியும்; அடுத்தவருடையது தெரியாது. இரண்டாம் விலை முறையில் இருவரும் உண்மையை எழுதுவார்கள். அரசுக்குக் கிடைப்பது இரண்டில் சிறிய எண். அதன் சராசரி 33.3. எழுதியதைக் கட்டும் முறையில், இருவரும் கணக்குப் போட்டு நடந்துகொண்டால், தத்தம் மதிப்பில் சரிபாதியைத்தான் எழுதுவார்கள். அரசுக்குக் கிடைப்பது பெரிய எண்ணின் பாதி. பெரிய எண்ணின் சராசரி 66.7, அதில் பாதி அதே 33.3!

ஏலம் கேட்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரியானவர்களாகவும், நிச்சயமின்மையைக் கண்டு பயமோ ஆசையோ கொள்ளாதவர்களாகவும் இருக்கும்வரைதான் இந்தச் சமன் துல்லியமாகப் பொருந்தும். நிஜத்தில் முன்னே பின்னே இருக்கும். ஆனால் ‘இரண்டாம் விலை என்றாலே அரசுக்கு நட்டம்’ என்ற முடிவு தவறு என்பதைக் காட்ட இது போதும்.

நிஜப் பிழை எங்கே?

மாணவரின் கதையைத் திரும்பப் பாருங்கள். வழக்கமான முறையில் நடத்தியிருந்தால் அரசுக்கு என்ன கிடைத்திருக்கும்? 1 டாலர். அவ்வளவுதான். அங்கே கோளாறு இரண்டாம் விலையில் இல்லை. போட்டி இல்லாததில் இருக்கிறது. போட்டி இல்லாத இடத்தில் அரசைக் காப்பாற்ற ஒரே ஒரு கருவிதான் உண்டு: ‘இதற்குக் கீழே விற்க மாட்டோம்’ என்று சொல்லும் அடிப்படை விலை. நியூசிலாந்து அரசு அதை வைக்கவே இல்லை.

அடிப்படை விலை வைத்தால் உண்மையை எழுதும் குணம் கெட்டுப்போகாதா? கெடாது. அடிப்படை விலை என்பது அரசும் ஓர் உறை போட்டது போலத்தான். 40,000 என்று வைத்திருந்தால், 1 லட்சம் எழுதியவர் 6 டாலருக்குப் பதிலாக 40,000 கட்டியிருப்பார். அப்போதும் அவருக்கு 60,000 லாபம். மேலே போட்ட கணக்கில் ‘மற்றவர்களின் பெரிய தொகை’ என்ற இடத்தில் 40,000 வரும்; வேறெதுவும் மாறாது.

நம் இருவர் கணக்கில் அடிப்படை விலையை 50 என்று வைத்தால், அரசின் சராசரி வரவு 33.3இலிருந்து 41.7 ஆக உயரும். சும்மா இல்லை, இதற்கும் விலை உண்டு. இருவரின் மதிப்புமே 50க்குக் கீழே இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அப்போது உரிமம் விற்காமலே கிடக்கும். வரவு முக்கியமா, அலைக்கற்றை பயன்பாட்டுக்கு வருவது முக்கியமா என்று முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டியது அரசின் வேலை. அந்த முடிவைத்தான் அன்று தவறவிட்டார்கள்.

ஆறு உறை போட்டவருக்கு ஒன்று

இந்த முறையின் பக்கம் நின்று பேசுவதால் அதன் குறைகளை மறைக்க முடியாது. அதே நியூசிலாந்து ஏலத்திலேயே ஒரு பெரிய குறை வெளிப்பட்டது.

தொலைக்காட்சிக்கான உரிமங்களை, ஏறக்குறைய ஒரே மாதிரியானவற்றை, தனித்தனி உறைகளாக ஒரே நேரத்தில் ஏலம் விட்டார்கள். பந்தயம் கட்டும் தொழிலை நடத்தும் டோட்டலைசேட்டர் ஏஜென்சி போர்டு என்ற அமைப்பு, ஆறு உரிமங்களுக்குத் தலா 4,01,000 டாலர் எழுதியது. கிடைத்தது ஒன்றே ஒன்று. விலை 1 லட்சம் டாலர். இன்னொரு நிறுவனம் சுமார் 2,55,000 எழுதி ஓர் உரிமத்தை ஜெயித்து, அதற்கு 2 லட்சம் கட்டியது. கிட்டத்தட்ட ஒரே பொருள். ஒருவருக்கு இன்னொருவரைவிட இரட்டிப்பு விலை. 2,55,000 எழுதி ஜெயிக்கக்கூடிய உரிமம் இருந்த அதே ஏலத்தில், 4,01,000 எழுதிய அமைப்பு மற்ற ஐந்து உரிமங்களிலும் தோற்றது.

உண்மையை எழுதுவதே சிறந்தது என்ற விதி இங்கே ஏன் கைகொடுக்கவில்லை? ‘இந்த உரிமம் உங்களுக்கு எவ்வளவு பெறும்?’ என்ற கேள்விக்கே ஒற்றைப் பதில் இல்லை என்பதால்தான். ஒன்று மட்டும் போதும் என்பவருக்கு முதல் உரிமம் கிடைத்துவிட்டால் இரண்டாவதின் மதிப்பு பூஜ்யம். நான்கு சேர்ந்தால்தான் தொழில் நடத்த முடியும் என்பவருக்கு ஒன்று மட்டும் கிடைத்தால் அது வெறும் காகிதம். தனித்தனி உறைகளில் இதை எழுத வழியே இல்லை. எத்தனை உறை போடுவது, எதற்குப் போடுவது என்று மறுபடியும் ஊகம் செய்ய வேண்டியதாகிவிடுகிறது. விக்ரேயின் வாக்குறுதி ஒரு பொருளுக்கு, தன் மதிப்பு தனக்குத் தெரிந்தவர்களுக்கு. அதைத் தாண்டி இழுத்தால் அறுந்துவிடும்.

பிற்பாடு பல நாடுகள் அலைக்கற்றையைப் பல சுற்றுகளாக, எல்லா உரிமங்களையும் ஒரே நேரத்தில், விலை ஏறுவதை எல்லோரும் பார்க்கும்படி விற்கும் முறைக்கு மாறியதற்கு இது ஒரு காரணம். இந்தியாவின் 2010 3ஜி ஏலம் அப்படித்தான் 183 சுற்றுகள் ஓடியது.

உறையைத் திறப்பவர் யார்?

அடுத்த குறை நம்பிக்கை சம்பந்தப்பட்டது. நீங்கள் 1 லட்சம் எழுதியிருப்பதை ஏலம் நடத்துபவர் பார்த்துவிட்டார் என்று வையுங்கள். அடுத்த தொகை 6 டாலர். சத்தமில்லாமல் 95,000 என்று ஒரு பொய் உறையை நுழைத்துவிட்டால்? நீங்கள் 95,000 கட்ட வேண்டியதுதான். உங்களுக்குத் தெரியவும் தெரியாது. எழுதியதைக் கட்டும் முறையில் இந்தத் தில்லுமுல்லுக்கு வேலையே இல்லை. உங்கள் விலை உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. நடத்துபவர்மேல் சந்தேகம் வந்துவிட்டால், ஏலம் கேட்பவர்களும் குறைத்து எழுத ஆரம்பிப்பார்கள். அதோடு இந்த முறையின் உயிரே போய்விடும்.

மூன்றாவது குறை, சிண்டிகேட். ஏலம் கேட்பவர்கள் முன்கூட்டியே கூடிப் பேசி, ‘இந்த முறை உனக்கு’ என்று ஒருவரை நிறுத்துகிறார்கள். அவர் பெரிய தொகை எழுதுவார். மற்றவர்கள் ஐந்தும் பத்தும் எழுதுவார்கள். வழக்கமான டெண்டரில் நிறுத்தப்பட்டவர் குறைந்த தொகைதான் எழுதுவார். அதனால் கூட்டத்தில் ஒருவர் துரோகம் செய்து, கொஞ்சம் கூட்டி எழுதி, பொருளைத் தட்டிப் பறிக்க வழி உண்டு. இரண்டாம் விலையில் அந்த வழியும் அடைபடுகிறது. பறிக்க வேண்டும் என்றால் நிறுத்தப்பட்டவரின் பெரிய தொகையைத் தாண்ட வேண்டும். தாண்டினால் அதையே விலையாகக் கட்ட வேண்டும். ஆகவே இங்கே சிண்டிகேட் இன்னும் உறுதியாக நிற்கும்.

இவற்றைக் கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவு முடியும். ஏலத்துக்கு ஏலம் இரண்டாவது தொகை முதல் தொகையின் கழுத்தருகிலேயே வந்து நின்றால், யாரோ உறையை எட்டிப் பார்க்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு. அதே நிறுவனங்கள் முறை வைத்தாற்போல் மாறி மாறி ஜெயித்து, இரண்டாவது தொகை எப்போதும் பாதாளத்தில் கிடந்தால், அது சிண்டிகேட்டின் வாடை. இரண்டுமே சந்தேகம்தான், ஆதாரம் அல்ல. ஆனால் விசாரணையை எங்கே தொடங்குவது என்று சொல்லிவிடும்.

அப்படியென்றால் இது வேண்டாமா?

வேண்டும் என்பேன், ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. ஒரே பொருள், ஒன்றுக்கு மேற்பட்ட நிஜப் போட்டியாளர்கள், முன்கூட்டியே அறிவித்த அடிப்படை விலை, எல்லோர் முன்னிலையிலும் ஒரே நேரத்தில் திறக்கப்படும் உறைகள். இந்த நான்கும் இருக்கும் இடத்தில் இதைவிட நேர்மையான ஏலம் கிடையாது.

காரணம், வழக்கமான டெண்டரில் ஜெயிப்பதற்குப் பொருளின் மதிப்பு தெரிந்தால் மட்டும் போதாது. அடுத்தவர் என்ன எழுதுவார் என்றும் தெரிய வேண்டும். அந்தத் தகவல் யாரிடம் இருக்கும்? ஆலோசகர்களை அமர்த்தும் வசதி உள்ள பெரிய நிறுவனத்திடம். அல்லது அலுவலகத்துக்குள் ஆள் வைத்திருப்பவரிடம். முதல்முறை வரும் சிறியவர் இருட்டில் ஊகித்து, கொஞ்சம் அதிகமாகக் குறைத்துவிட்டால், பொருளைச் சிறப்பாகப் பயன்படுத்தக்கூடியவராக இருந்தும் தோற்றுப்போவார். இரண்டாம் விலை முறையில் அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். தனக்கு எவ்வளவு பெறும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டு, அதை எழுதி, உறையை ஒட்டிவிட வேண்டும். வேவு பார்ப்பதற்கு அங்கே பலன் இல்லை.

நியூசிலாந்து அரசு அன்றைய அவமானத்துக்குப் பிறகு, எழுதியதையே கட்டும் முறைக்கு மாறியது. 1 லட்சத்துக்கும் 6 டாலருக்கும் இடையிலான அந்த இடைவெளி மறைந்தது. மக்களின் கேள்வியும் நின்றது. ஆனால் ஜெயித்தவர் உண்மையில் எவ்வளவு தரத் தயாராக இருந்தார் என்பது அதன்பின் யாருக்கும் தெரியாமலே போனது. முந்தைய விதி அந்த உண்மையை அவர் வாயாலேயே சொல்ல வைத்திருந்தது. அதைக் கேட்டவர்கள், அடிப்படை விலை எங்கே என்று அரசைக் கேட்டிருக்க வேண்டும்.